‘ஆச்சு’ என்று சொன்னது யார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளுக்கு மருந்து கொடுத்தோமா, இல்லையா?

எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். கொடுத்ததாக நினைத்தால் கொடுத்த மாதிரி இருக்கிறது. கொடுக்கவில்லை என்று நினைத்தால் அதுவும் உண்மை போல இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். மூவருக்கும் தெரியவில்லை. தெரியும் என்று சொன்னது ஒன்றுதான். அது அன்று எங்கள் வீட்டில் இல்லை. எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது.

நாங்கள் இருப்பது மைசூரு அக்ரஹாரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில். கணவருக்கு ஹனூர் பக்கம் ஊர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. அவருடைய தங்கை எங்களுடன் இருந்து மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் கம்ப்யூட்டர் படித்து, இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை செய்து, மகள் பிறந்ததும் விட்டவள். அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு நடக்கும் என்று தேடுவதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. அந்தப் பழக்கம் போகவில்லை. சமையல் கேஸை மூடிவிட்டு மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். வந்து உட்கார்ந்ததும், பார்த்தது இன்றா நேற்றா என்று சந்தேகம் வரும்.

மகளுக்கு ஒன்றரை வயதில் வலிப்பு வந்தது. அதிலிருந்து காலையும் இரவும் ஒரு சிரப். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கம் விட வேண்டும். ஒரு வேளை தவறினால் வலிப்பு திரும்பலாம், மறந்துபோய் இரண்டு தடவை கொடுத்தால் குழந்தை துவண்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். எனக்குள் அது மெதுவாக இறங்கவில்லை.

இரவு மருந்து என் பொறுப்பு, அதில் குழப்பம் இல்லை. காலைதான் கஷ்டம். எந்த வாரம் யார் வீட்டில், யார் எழுந்திருக்கிறார், யார் குளிக்கிறார் என்று ஒரு நிலையில்லை. அதனால் கணினி தானாக ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். காலை ஆறரைக்கு எங்கள் மூவருக்கும் பொதுவான குரூப்பில் ‘பாப்பாவுக்கு மருந்து’ என்று ஒரு செய்தி அனுப்பும். கொடுத்தவர் அந்தச் செய்திக்கே பதிலாக ‘ஆச்சு’ என்று அடிக்க வேண்டும். ஏழே காலுக்கு ஸ்கிரிப்ட் இன்னொரு முறை ஓடி, பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால் ‘இன்று மருந்து ஆச்சு. நன்றி’ என்று சொல்லும். வராவிட்டால் மறுபடியும் நினைவூட்டும்.

இதற்காக என் பழைய லேப்டாப்பை இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருந்தோம். கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில், சார்ஜரோடு. அதன் விசிறி திடீரென்று வேகமெடுக்கும், நின்றுவிடும், மறுபடி எடுக்கும். யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மூடிய பிறகும் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரியும். மகள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இது தூங்கல” என்பாள். செய்தி வரும்போது எங்கள் போன்கள் மூன்றும் ஒலிக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் டிங் மாமா. “டிங் மாமா கூப்பிட்டாரு” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள்.

ஒரு நாள் லேப்டாப்பின் மூடி சரியாக மூடவில்லை. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. குழந்தை நடமாடும் கூடத்தில் அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன். அதே வாரம் இரவில் அது தானாக அப்டேட் ஆகி, ரீஸ்டார்ட் ஆகி, பாஸ்வேர்டு கேட்டபடி காலை வரை நின்றுகொண்டிருந்தது. செய்தி வரவில்லை. நல்லவேளையாக அன்று நான் சீக்கிரம் எழுந்திருந்தேன்.

கணவர் சொன்னார், “அதைத் தூக்கிக் கடாசு புள்ள. என்ற போன்ல அலாரம் வெச்சுக்கறேன்.”

“நீங்க நைட் ஷிஃப்ட்ல மெஷின் பக்கத்துல நின்னுட்டு அலாரம் கேட்டு என்ன பண்ணுவீங்க?”

“உனக்குப் போன் பண்ணுவேன்.”

“அப்புறம் நான் யாருக்குப் போன் பண்ணுவேன்?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். யார் கொடுத்தது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி இருக்கிறாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாதி கன்னடத்தில்தான் தமிழ் பேசுவாள். அவளிடம் சொன்னதும், “ஹௌதா, அப்படியா? இன்னும் லேப்டாப்ல ஓட்டுறியா?” என்று ஆச்சரியப்பட்டாள். கிளவுடில் இலவசமாகவே ஓட்டலாம் என்றாள். எழுதிய ‘கோட்’ வரிகளை வைத்துக்கொள்ள இடம் தருகிற தளம் ஒன்றில் ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டு, கூடவே ஒரு சின்ன ஃபைலில் எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்று எழுதிவிட்டால், அவர்களே ஒரு கணினியில் ஓட்டிவிடுவார்கள். யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் காசே கிடையாது.

“யாரும் பாக்கலாமா? குரூப்பு, பாஸ்வேர்டு எல்லாம்?”

“அதெல்லாம் கோட்ல எழுதக் கூடாதுப்பா. ரகசியத்துக்குன்னு செட்டிங்ஸ்ல தனி இடம் இருக்கு. அங்க போட்டா ஓடும்போது மட்டும் எடுத்துக்கும். வேற யார் கண்ணுக்கும் தெரியாது.”

ஒரு மதியம் மகள் தூங்கும்போது உட்கார்ந்து செய்தேன். நேரம் எழுதும்போது மட்டும் தடுமாறினேன். அங்கே உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே நம் ஆறரைக்கு அங்கே ஒரு மணி, நம் ஏழே காலுக்கு அங்கே ஒன்றே முக்கால். மூன்று முறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பிறகு சோதித்துப் பார்ப்பதற்காக நானே ‘ஓட்டு’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. ஒரு புதிய கணினி தயாராகிறது. ஸ்கிரிப்ட் எழுதிய பைத்தான் மொழி அதில் ஏறுகிறது. ஸ்கிரிப்ட் ஓடுகிறது. முடிந்தது. என் போன் ஒலித்தது. மண்டி மொஹல்லாவில் நாத்தனாருடைய போனும், நஞ்சன்கூட்டில் கணவருடைய போனும் ஒலித்திருக்கும்.

“வந்துச்சா?” என்றாள் தோழி போனில்.

“வந்துச்சு. இப்ப அந்த மெஷின் எங்க இருக்கு?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“அழிச்சிருப்பாங்க. வேலை முடிஞ்சா அவ்வளவுதான். நாளைக்கு வேற ஒண்ணு வரும். அதுவும் ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போயிடும்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்த பிறகும் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தினமும் எங்கோ ஒன்று உருவாகி, என் மகளின் மருந்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஒரு நிமிடத்தில் இல்லாமல் போகும்.

அன்று மாலை லேப்டாப்பை அணைத்தேன். விசிறி நின்றதும் கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. மகள் அலமாரி முன்னால் போய் நின்று, “தூங்கிருச்சு” என்றாள். மறுநாள் காலை, அது அணைந்தே கிடக்க, போன்கள் மூன்றும் ஒலித்தன. சரியாக ஆறரைக்கு இல்லை, சில நிமிடம் தள்ளி. இலவசமாக ஓடுவது கூட்டமான நேரங்களில் கொஞ்சம் தாமதமாகும் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் இருபது நிமிடம். நேரத்துக்கு வந்தால் அது கடிகாரம். இது வழியில் யாரிடமோ நின்று பேசிவிட்டு வருகிற மனிதரைப் போல வந்தது. அதனாலோ என்னவோ, நாங்கள் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஞாயிறு.

முந்தைய நாள் சனிக்கிழமை எல்லாமே தாமதம். மகள் அசந்து தூங்கியதால் நாத்தனார் எட்டு மணிக்குத்தான் மருந்து கொடுத்து ‘ஆச்சு’ போட்டாள். அன்றிரவு கணவருக்கு இரவு ஷிஃப்ட். ஞாயிறு காலை முதல் செய்தி வந்தபோது நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகள் எழுந்து அழுதாள். தூக்கினேன். நாத்தனார் வந்து வாங்கிக்கொண்டாள். பால் பொங்கியது. ஓடினேன். கணவர் வந்து சேர்ந்தார், ஷூவைக் கழற்றினார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கோவிலில் மணி அடித்தது. மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்போது இரண்டாவது செய்தி வந்தது.

‘இன்று மருந்து ஆச்சு. நன்றி.’

அதைப் படித்ததும் உடம்பில் ஏதோ தளர்ந்தது. சரி, யாரோ கொடுத்துவிட்டார்கள். இட்லிக்கு மாவு ஊற்றினேன்.

சாப்பிடும்போது நாத்தனாரிடம், “நீதானே குடுத்தே? வாய்ல ஒட்டாம விட்டியா?” என்று கேட்டேன்.

“நானா? நீங்க குடுத்தீங்கன்னு நெனச்சேன் அண்ணி.”

“உங்க அண்ணன் குடுத்திருப்பாரு.”

கணவர் அதற்குள் படுத்துவிட்டார். எழுப்பினேன். கண்ணைத் திறக்காமல், “குடுத்தனாட்டத்தான் இருக்குது” என்றார்.

“குடுத்த மாதிரின்னா என்னங்க அர்த்தம்? குடுத்தீங்களா இல்லையா?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “வாயத் தொறந்தா புள்ள. சிரிஞ்ச் கையில இருந்தாப்ல நெனவு. ஆனா அது வெள்ளிக்கெழமையோ என்னமோ. தூக்கத்துல வந்தேன், எனக்கு ஒண்ணும் புரியல.”

சிரிஞ்ச் கழுவி, டம்ளருக்குள் கவிழ்த்து வைத்திருந்தது. ஈரமாக இருந்தது. நாத்தனார், “கழுவுனது நான்தான். பாத்திரத்தோட கெடந்துச்சு. நேத்து ராத்திரி நீங்க போட்டதா இருக்கும்” என்றாள். இருக்கலாம். காலையில் யாரோ போட்டதாகவும் இருக்கலாம். சிரப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு வேளை மருந்து குறைந்ததா என்று பார்த்துச் சொல்ல முடிகிற அளவு அல்ல அது.

பிறகுதான் நாத்தனார் குரூப்பைத் திறந்து மேலே தள்ளினாள்.

“அண்ணி, யாருமே ‘ஆச்சு’ன்னு போடல.”

நானும் பார்த்தேன். ஆறரைச் செய்திக்கு எந்தப் பதிலும் இல்லை. கணவர் போனிலும் இல்லை. மனிதர் கையால் அடித்த கடைசிச் செய்தி சனிக்கிழமை அவள் போட்டது. அதற்குப் பிறகு மூவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இது ‘ஆச்சு, நன்றி’ என்று சொல்லியிருந்தது. யாருக்கு நன்றி?

நாத்தனார் மெதுவான குரலில், “நாம வீட்ல நாலு பேர்தானே அண்ணி?” என்றாள்.

“வாய மூடு” என்றார் கணவர். ஆனால் அவரும் பால்கனி பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

டாக்டரின் கிளினிக் ஞாயிறு விடுமுறை. மகளைப் பார்க்கிற மருத்துவமனைக்குப் போன் செய்து, கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். டியூட்டி நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, நிச்சயமில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்காதீர்கள், இரவு மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள், அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பார்த்துக்கொண்டேன். அன்று முழுவதும் அவளைப் பார்ப்பதைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை. சுவரில் பல்லி போவதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தால், அது பல்லியைப் பார்க்கிற பார்வையா, எங்கும் பார்க்காத பார்வையா என்று குனிந்து கண்ணைப் பார்ப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்புவாள். அப்பாடா என்று இருக்கும். திரும்ப அதே. மதியம் அவள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கியது போலத் தோன்றியது. அப்படியானால் இரண்டு பேர் கொடுத்துவிட்டோமோ என்று பயந்தேன். நிமிடத்துக்கு ஒரு பயம். ஒன்று மற்றொன்றுக்கு நேர் எதிர்.

எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் எழுந்து பிஸ்கட் கேட்டாள்.

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறு. அன்று படுத்த பிறகு எனக்கே ஒரு நினைவு வந்தது. அவள் கன்னத்தில் சிரிஞ்சின் முனையை வைக்கிறேன். அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்கிறாள். பின்னால் பால் பொங்கும் சத்தம். இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, நான்தான் கொடுத்திருக்கிறேன் என்று எழுந்து உட்கார்ந்தேன். உடனே, பால் எந்த நாள்தான் பொங்கவில்லை என்று தோன்றியது. தினமும் ஒரே மாதிரி செய்கிற வேலைக்குத் தனித்தனி நினைவு கிடையாது போலிருக்கிறது. மனதைத் தடவினால் ஏதோ ஒரு காலை கையில் வருகிறது. அதில் தேதி இல்லை.

அதற்குப் பிறகு காலை மருந்தை நானே கொடுப்பது என்று முடிவு செய்தேன். சில நாள் ஒன்றும் இல்லை. கொடுத்தேன், ‘ஆச்சு’ போட்டேன், அது நன்றி சொன்னது. அந்தப் புதன்கிழமை மகளுக்குச் சளி. வாயைத் திறக்கவே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி எட்டு மணிக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை காலை, கடையில் ஸ்டாக் கணக்கு என்று நாத்தனார் விடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டாள். கணவர் காலை ஷிஃப்டில். வீட்டில் நானும் மகளும் மட்டும். மருந்தை அளந்து, சிரிஞ்ச் நிறைந்து, என் கையில் இருக்கிறது. மகள் மடியில். வாயை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறாள்.

போன் ஒலித்தது. ‘இன்று மருந்து ஆச்சு. நன்றி.’

சிரிஞ்சைப் பார்த்தேன். நிறைந்துதான் இருந்தது. கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. மகள் போனைக் காட்டி, “டிங் மாமா குடுத்துட்டாரு” என்றாள். அவளுக்கு அது மருந்திலிருந்து தப்பிக்க ஒரு வழி. மருந்தைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, “இப்ப நான் குடுக்கிறேன், இப்ப நான் குடுக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொடுத்தேன்.

தோழி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேசினாள். ஓட்டத்தின் பதிவுகளைத் திறந்து படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். ஏழே காலுக்கு மேல் ஓடிய ஓட்டத்தில், ‘ஆச்சு’ என்று ஒரு பதில் கிடைத்தது என்று தெளிவாக இருந்தது.

“யாரும் போடலையே.”

“இரு. பழைய பதில எது, புதுசு எதுன்னு உன் ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்?”

“கடைசியாப் படிச்ச பதிலோட நம்பர ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். அடுத்த தடவை அதுக்கு மேல இருக்கிறத மட்டும் கேட்கும். லேப்டாப்ல எத்தனையோ மாசம் ஓடுச்சே.”

“அந்த ஃபைல் எங்க இருக்கு?”

“ஸ்கிரிப்ட் பக்கத்துலயே.”

“எந்த மெஷின்ல?”

அவளுடைய ஆபீஸில் யாரோ தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

“தினமும் புது மெஷின்ப்பா” என்றாள். “நேத்து எழுதினது நேத்தோட போச்சு. இன்னிக்கி வந்தது ஒண்ணும் தெரியாம, இருக்கிறதெல்லாம் குடுன்னு கேட்டிருக்கு. படிச்சாச்சுன்னு உன் ஸ்கிரிப்ட் சொல்லாத பதில, அந்தக் குரூப் ஆப்போட சர்வர் ஒரு நாள் வரைக்கும் வெச்சிருக்கும். நேத்து நீ எட்டு மணிக்குப் போட்டே. இன்னிக்கி ஏழே காலுக்கு இன்னும் ஒரு நாள் முடியல.”

அப்போதுதான் புரிந்தது. நேரத்தோடு மருந்து கொடுத்த நாட்களுக்கு அடுத்த நாள் ஒன்றும் நடக்காது. முந்தைய ‘ஆச்சு’ அதற்குள் காலாவதியாகியிருக்கும். என்றைக்குத் தாமதமாகக் கொடுத்தோமோ, அதற்கு மறுநாள் மட்டும் நேற்றைய ‘ஆச்சு’ எழுந்து வந்து இன்றைய நாளுக்குச் சாட்சி சொல்லும். சனிக்கிழமை நாத்தனார் போட்டதுதான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் நிறுத்தி வைத்தது.

நான் சோதனை வேலை செய்தவள். லேப்டாப்பில் சோதித்தேன். கிளவுடில் பொத்தானை அழுத்தி ஒரு முறை சோதித்தேன். ஆனால் அங்கே இரண்டாவது நாள் என்று ஒன்று கிடையாது, எல்லா நாளும் முதல் நாள்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றே சரி செய்தேன். ஒவ்வொரு பதிலோடும் அது அனுப்பப்பட்ட நேரமும் வரும். அதை நம் நேரத்துக்கு மாற்றி, இன்றைய தேதியாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தேன். வேண்டுமென்றே ஒரு நாள் தாமதமாகப் பதில் போட்டு, மறுநாள் பார்த்தேன். சரியாக, ‘இன்னும் கொடுக்கவில்லை’ என்று நினைவூட்டியது. இரவு சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“அப்ப பேயி இல்ல” என்றார்.

“இல்ல.”

“தங்கச்சிகிட்டச் சொல்லிரு. ஒரு வாரமா பால்கனிக்குத் துணி காயப்போடப் போகமாட்டேங்கறா.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார், “பேய் இல்லன்னா ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள். “அப்ப ஞாயித்துக்கெழம யாரு அண்ணி குடுத்தது?”

விளக்கம் முழுவதும் கிடைத்திருந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. மிகவும் நன்றாக. ஏறக்குறைய இரண்டு மாதம் நான் அந்த ஸ்கிரிப்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை. செய்தி வரும், பழையபடி மூவரில் யாராவது எழுவோம், கொடுப்போம், ‘ஆச்சு’ போடுவோம். மருந்து என்ற வார்த்தையே வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதற்கென்று ஒன்று இருக்கிறதே.

ஒரு காலை நான் இட்லி வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கணவர் மதிய ஷிஃப்ட் என்பதால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூவரும் வீட்டில் இருந்தோம். வெயில் கூடத்துக்குள் வந்துவிட்டது. நாத்தனார் கடைக்குக் கிளம்பிப் போனாள். சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு முறை அல்ல, பல முறை. மணி எட்டு, எட்டரை, ஒன்பது. இட்லி எடுக்க வேண்டும், துணி வைக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. மருந்து தோன்றவில்லை. அதை நினைக்கிற இடத்தையே என் தலையில் யாரோ துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மகள் தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து, “டிங் மாமா வரல?” என்றாள்.

நான் திரும்பினேன். கணவர் பேப்பரைத் தாழ்த்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எழுந்து ஓடவில்லை, ஒரு கணம் அப்படியே இருந்தோம். அந்த ஒரு கணத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்போது மகளின் கையிலிருந்து இட்லித் துண்டு விழுந்தது. அவள் அதைக் குனிந்து பார்க்கவில்லை. கண்கள் எங்களுக்கு நடுவே எங்கேயோ நின்றன. வலது கைவிரல்கள் எதையோ எண்ணுவது போல லேசாக அசைந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பிறகு இமைத்தாள். “இட்லி” என்றாள்.

மருத்துவமனைக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி அந்த வேளை மருந்தை உடனே கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அழைத்துப் போனோம். டாக்டர் பார்த்தார், கேட்டார், அது சின்ன வலிப்பாக இருந்திருக்கலாம் என்றார். வேறு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள், மருந்தை மட்டும் விடாதீர்கள் என்றார். அளவை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். திறந்த இடத்தில் வைத்த ஸ்கிரிப்டில் இரண்டு மாதம் யாரும் எந்த மாற்றமும் செய்யாவிட்டால், கைவிடப்பட்டது என்று கருதி, நேரம் குறித்த ஓட்டத்தை அந்தத் தளமே நிறுத்திவிடும். அதுதான் விதி. நிறுத்துவதற்கு முன்னால் மெயிலும் அனுப்பியிருந்தார்கள், நான் வேலையை விட்ட பிறகு திறப்பதே இல்லாத ஒரு பெட்டிக்கு. அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. தினமும் அது தானாக ஓடியதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மனிதர் ஒருவர் வந்து தொட்டிருக்க வேண்டும். நான் கடைசியாகத் தொட்டது அந்த இரண்டு வரியைச் சேர்த்த அன்று.

பொத்தானை அழுத்தி மறுபடியும் ஓட வைத்துவிட்டேன். மறுநாள் செய்தி வந்தது. மகள் வாயைத் திறந்தாள். ஆனால் இப்போது மூன்று பேர் மூன்று அபிப்பிராயம் சொல்கிறார்கள். லேப்டாப்புக்குப் புதுப் பேட்டரி போட்டுத் திரும்ப ஓட்டலாம், கண்ணெதிரே இருந்தால் நின்றால் தெரியும் என்கிறார் கணவர். அதெல்லாம் வேண்டாம், காலை மருந்தை ஒருவர் தலையிலேயே கட்டிவிடுங்கள், மூன்று பேர் என்றால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம் என்கிறாள் நாத்தனார். தினமும் ஓடும்போது ஸ்கிரிப்டே ஒரு சின்ன ஃபைலை அந்தத் தளத்திலேயே எழுதி வைக்கட்டும், நினைவும் இருக்கும், நிறுத்தவும் மாட்டார்கள் என்கிறாள் தோழி. அது சரிதான். செய்துவிடலாம், அரை மணி வேலை. ஆனால் அது தன்னைத்தானே தொட்டுக்கொண்டு, மனிதர் வந்து போனதாக அங்கே காட்டிக்கொண்டு, நாங்கள் யாரும் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓடும் என்று நினைத்தால், செய்ய உட்கார்ந்தவள் எழுந்துவிடுகிறேன். செய்யாவிட்டாலும் பயம். அடுத்த இரண்டு மாதம் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் தினமும் தவறாமல் குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ மருந்து கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் நினைவூட்டலை வைத்துக்கொள்கிறீர்களா, இல்லாமல் சமாளிக்கிறீர்களா? அது வராத நாளில் உங்கள் கால் தானாக மருந்து அலமாரிக்குப் போகிறதா? போகிறது என்றால், அந்தப் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்? நான் இந்த மூன்றில் எதைச் செய்யட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.